பிரசவத்தின் பின் சிறுநீர்க் கசிவும் அடித்தளத் தசைப் பயிற்சியும்

பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி தும்மும்போதோ இருமும்போதோ வாய்விட்டுச் சிரிக்கும்போதோ, நீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போதோ, தன்னையறியாது சில துளி சிறுநீர் கசிந்து உடையை நனைத்துவிடுதல் உண்டு. இஃது அரிதாக யாரோ ஒருவருக்கு வரும் குறையன்று. பிரசவத்தின் பின் முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய மூன்று தாய்மாரில் ஒருவருக்கு இது நேர்கின்றது. ஆயினும் இதனை வைத்தியரிடமோ தாதியிடமோ வாய்திறந்து சொல்பவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் ஈரத்துணியை மாற்றிக்கொள்கின்றனர். வெளியிற் செல்லுமுன் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். திருமண வீட்டுக்குப் போவதையும் கோயிலுக்குப் போவதையும் ஏதேனும் ஒரு சாட்டுச் சொல்லித் தவிர்த்துக்கொள்கின்றனர். மூத்த பெண்களிடம் மெல்லச் சொன்னாலோ, "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை பாதி உண்மை மட்டுமே. பிரசவத்தின் பின் இது நேர்வது இயல்புதான்; ஆனால் அப்படியே விட்டுவிட வேண்டியதொன்றன்று. பலருக்கு மருந்தின்றியும் சத்திரசிகிச்சையின்றியும், ஒரு சிறு தசைப் பயிற்சியினாலேயே இக்கசிவு குறைந்தோ நின்றோ போகின்றது. அப்பயிற்சியைச் சரியாகச் செய்வது எப்படி என்பதும், தவறாகச் செய்வதை ஒரு பெண் தானே கண்டுகொள்வது எப்படி என்பதுமே இங்கு சொல்லப்படுகின்றன.

முதலில் அத்தசைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அடிவயிற்றின் கீழே, முன்புறமாகக் கைக்குத் தட்டுப்படும் எலும்பொன்று உண்டு. பின்புறம் முதுகந்தண்டின் முடிவிலே வாலெலும்பு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே, இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பாகத்தில், கட்டிய ஏணை போன்று தசைகள் விரிந்து கிடக்கின்றன. இவற்றை இடுப்பின் அடித்தளத் தசைகள் என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இவையே கீழிருந்து தாங்குகின்றன. சிறுநீர் வெளியேறும் குழாய், யோனி வழி, மலவாயில் ஆகிய மூன்றும் இத்தசைகளினூடாகவே கீழே வருகின்றன. தசைகள் இறுகும்போது அம்மூன்று வழிகளும் நெரிபடுகின்றன. கூடவே முழுத்தளமும் சிறிது மேலெழுகின்றது. நெரித்தலும் மேலெழுதலும் ஆகிய இவ்விரு செயல்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பயிற்சி முழுவதும் இவற்றிலேதான் தங்கியிருக்கின்றது.

ஒரு பெண் இருமும்போது வயிற்றினுள்ளே அழுத்தம் திடீரென உயர்ந்து சிறுநீர்ப்பையைக் கீழ்நோக்கி அமுக்குகின்றது. உடல்நலமுடைய நிலையில் இருமலுக்குச் சற்று முன்னரே அடித்தளத் தசைகள் தாமாக இறுகிச் சிறுநீர்க் குழாயை மூடிக்கொள்ளும். கருவுற்றிருக்கும் மாதங்களிலே குழந்தையின் பாரம் இத்தளத்தின் மேலே இருக்கின்றது. குழந்தை பிறக்கும் வேளையிலோ, தளத்தின் உட்புறத் தசைநார்கள் தம் இயல்பான நீளத்தினும் மூன்று மடங்குக்கு மேலாக நீள வேண்டியுள்ளன என்று கணினி மாதிரிகளைக் கொண்டு கணித்திருக்கின்றனர். அத்தசைகளை இயக்கும் நரம்பும் அப்போது இழுபடுகின்றது. ஆதலின் பிரசவத்தின் பின் சில காலம் தசை தளர்ந்திருப்பதோடு, இறுக வேண்டும் என்ற செய்தியும் அதனிடம் பிந்தியே சென்று சேர்கின்றது. இடுக்கி வைத்துக் குழந்தையை எடுத்தவர்களுக்கு இத்தொல்லை கூடுதலாக வரலாம். சிசேரியன் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் அவர்களும் முற்றாகத் தப்புவதில்லை. கருவைச் சுமந்ததே தசைக்கு ஒரு சோதனையாதலால், அவர்களுக்கும் இப்பயிற்சி உரியதே.

இப்பயிற்சி புதியதன்று. இங்கிலாந்திலே நடனக் கலைஞராகவும் உடற்பயிற்சி ஆசிரியையாகவும் விளங்கிய மார்கரெட் மொரிஸ் என்பவர் 1936ஆம் ஆண்டிலேயே தாய்மாருக்கு இத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையைப் பற்றி எழுதினார். 1948ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்நோய் வைத்தியர் ஆர்னோல்ட் கெகல் இதனை மருத்துவ உலகில் நிலைநாட்டினார். இன்றும் பலர் இதனைக் கெகல் பயிற்சி என்றே அழைக்கின்றனர். கெகல் வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. காற்று நிரப்பிய சிறு கருவியொன்றை யோனி வழியில் வைத்து, தசை இறுகும்போது அதன் அழுத்தத்தை மானியின் முள்ளிலே பெண் தானே பார்க்கும்படி செய்தார். சரியான தசையைத் தான் இறுக்குகின்றாளா என்பது அவளுக்கு அவ்வாறே தெரியவந்தது. பின்வந்தவர்கள் கருவியையும் சோதனையையும் விட்டுவிட்டு, "இறுக்குங்கள், தளர்த்துங்கள்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டனர். அங்கேதான் கோளாறு தொடங்கிற்று.

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை வெளிச்சமாக்கிற்று. நாற்பத்தேழு பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, பின் அவர்கள் செய்வதைக் கருவி கொண்டு அளந்து பார்த்தனர். ஏறக்குறையப் பாதிப்பேரே சரியாகச் செய்தனர். இன்னும் கவலைக்குரியது யாதெனில், நாலிலொரு பங்கினர் செய்தது கசிவை மேலும் கூட்டக்கூடிய செயலாயிருந்தது. அவர்கள் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக, மலங்கழிக்கும்போது முக்குவது போலக் கீழே தள்ளினர். நாள்தோறும் மூன்று வேளை இப்படி முக்கிக்கொண்டிருக்கும் பெண் தளர்ந்த தளத்தையே மேலும் அமுக்குகின்றாள். "பயிற்சி செய்தும் பயனில்லை" என்று சொல்லும் தாய்மாரிற் பலர் பயிற்சியே செய்யவில்லை. அதற்கு எதிரான செயலைச் செய்திருக்கின்றனர். ஆகவே எத்தனை முறை செய்வது என்ற கணக்குக்கு முன்பாக, சரியான தசையைக் கண்டுபிடித்தலே முதல் வேலையாகும்.

தசையைக் கண்டுபிடிப்பதற்கு மிக எளிய நிலை மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைப் பாயில் ஊன்றி, கால்களைச் சற்று அகட்டி வைத்திருத்தலாகும். சிறுநீர் கழித்துவிட்டே தொடங்க வேண்டும். முதலிலே இரண்டொரு முறை மூச்சை இயல்பாக விட்டு வயிற்றைத் தளர விட வேண்டும். பின்னர், நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயு பிரிய வருகின்றது, அதனை ஒலியின்றி அடக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு மலவாயிலை மெல்ல உள்ளிழுக்க வேண்டும். அந்த இறுக்கத்தை விடாமலே, சிறுநீரையும் அடக்குவது போல முன்புறமாகக் கொண்டுவர வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து, யோனி வழி உள்ளே சுருங்கி மேலே, தொப்புளை நோக்கி ஏறுவது போன்ற உணர்வைத் தரும். பிறகு முழுவதாகத் தளர விட வேண்டும். தளர விடும்போது ஏதோ ஒன்று இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது போலத் தெரியும். அந்த இறக்கம் தெளிவாகத் தெரிந்தால், ஏற்றமும் நிகழ்ந்திருக்கின்றது என்று கொள்ளலாம். இறக்கம் ஒன்றும் தெரியாவிடின், தசை இறுகவே இல்லையென்றோ, இறுகிய தசை இடையிலேயே நழுவிவிட்டதென்றோ அறிந்துகொள்ளலாம்.

இச்செயல் வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்தால் ஏதோ பிழையிருக்கின்றது. பிட்டத் தசைகள் இறுகி உடல் பாயிலிருந்து எழும்பினால், வேலை செய்வது பிட்டமே. தொடைகள் ஒன்றையொன்று நெருக்கினால், வேலை செய்வது தொடையே. முகம் சிவந்து மூச்சு அடைபட்டால், வயிற்றழுத்தமே கூடுகின்றது. தொப்புளுக்கு மேற்பட்ட வயிறு புடைத்து வெளியே வந்தால், முக்குதல் நடக்கின்றது என்பது உறுதி. தொப்புளுக்குக் கீழே வயிறு மெல்ல உட்சென்றால் அது பிழையன்று. அடித்தளத்தோடு சேர்ந்து இயங்கும் தசையொன்று அங்கே இருக்கின்றது. மூச்சைப் பொறுத்தவரை ஒரு நல்ல உபாயம் உண்டு. தசையை இறுக்கியபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினால் போதும். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்கிவைக்க எவராலும் முடியாது.

தான் மேலே இழுக்கின்றாளா, கீழே தள்ளுகின்றாளா என்பதை ஒரு பெண் தானே சோதித்தறிய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உடையின் மேலாகவே உள்ளங்கையை யோனிக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் வைத்துப் பார்த்தல். சரியாகச் செய்தால் அப்பகுதி கையைவிட்டு விலகி உள்ளே செல்லும். கையை நோக்கிப் புடைத்தால் அது தள்ளுதலாகும். இரண்டாவது, சிறிய கண்ணாடியொன்றைப் பிடித்துப் பார்த்தல். மலவாயில் சுருங்கி உள்ளே போவதைக் கண்ணால் காணலாம். மூன்றாவது, தையற்காயம் ஆறிய பின், கழுவிய சுத்தமான விரலை யோனி வழியில் வைத்து, இறுக்கும்போது அது நெரிபட்டு மேலே இழுபடுவதை உணர்தல். இவற்றில் எதுவும் கூச்சப்படத்தக்கதன்று. சொந்த உடம்பை அறிந்துகொள்ளத் தயங்கினால் வேலை நடவாது.

சிறுநீர் கழிக்கும்போது இடையிலே நிறுத்திப் பார் என்று அறிவுரை கூறுவோர் உண்டு. தசை எது என்று காண எப்போதாவது ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தால் பெருந்தீங்கில்லை. ஆனால் அதனையே பயிற்சியாகக் கொள்ளலாகாது. சிறுநீர்ப்பை சுருங்கும்போது அடித்தளம் தளர வேண்டும் என்பதே உடலின் ஒழுங்கு. நாள்தோறும் அவ்வொழுங்கைக் குழப்பினால் சிறுநீர் முற்றாக வெளியேறாது எஞ்சி நிற்கும் பழக்கம் உண்டாகலாம்.

இனி, ஒரு தாயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயது இருபத்தெட்டு, இது இரண்டாவது பிள்ளை, இயல்பான பிரசவம், சில தையல்கள் போட்டிருந்தனர். துடக்குக் கழிந்து வீட்டுவேலைகளைத் தொடங்கிய பின், கிணற்றிலே அள்ளிய நீரைத் தூக்கும்போதும் இருமும்போதும் கசிவதை அவள் கவனித்தாள். அயல்வீட்டுப் பெண் சொன்னபடி இரண்டு கிழமையாகப் பயிற்சியும் செய்து வந்தாள். கசிவு குறையவில்லை. பிள்ளையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒருநாள் இதனைச் சொன்னாள்.

"செய்து காட்டும் பிள்ளை, பார்ப்போம்" என்றார் அவர்.

அவள் கதிரையில் அமர்ந்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செய்து காட்டினாள். தோள்கள் எழுந்தன, முகம் சிவந்தது.

"மூச்சை ஏன் அடக்குகின்றீர்?"

"அடக்காமல் இறுக்க வருகுதில்லை, மிஸி."

அந்த ஒரு விடையே போதுமானதாயிருந்தது. மிஸி ஒரு துவாயை இறுகச் சுருட்டி, மரக்கதிரையின் மேலே நீளவாட்டில் வைத்து, அதன் மேல் அவளை நேராக அமரச் செய்தார். சுருள் இரு கால்களுக்கும் நடுவே, முன்னிருந்து பின்னாக அமைந்திருந்தது. "இப்போது முக்கிப் பாரும்" என்றார். சுருளின் மேல் அழுந்துவதை அவள் உணர்ந்தாள். "இனி வாயுவை அடக்குவது போலச் செய்யும். சுருளிலிருந்து உடம்பு விலகி எழ வேண்டும், ஆனால் பிட்டம் எழக்கூடாது" என்றார். பலமுறை முயன்ற பின் மெல்லிய விலகல் ஒன்று தெரிந்தது. அது முன்னர் செய்ததைவிட எவ்வளவோ சிறிய அசைவு. "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டாள். இவ்வளவுதான். தொடக்கத்தில் சரியான இறுக்கம் மிகச் சிறியதாகவே இருக்கும். பெரிதாகச் செய்ய முயல்வதே பிற தசைகளை உதவிக்கு அழைத்துவிடுகின்றது.

அடுத்து அவளுடைய அளவைக் காண வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடித்தபடி எண்ணச் சொன்னபோது மூன்றுக்கு மேல் தசை தானாக நழுவிற்று. அவ்வாறு மூன்று எண்ணிக்கைக்கு நான்கு முறை செய்ய முடிந்தது. ஐந்தாவது முறை ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவளுடைய தொடக்கப் பாடம் இதுவாயிற்று: மூன்று எண்ணும் வரை இறுக்குதல், பின் ஆறு எண்ணும் வரை முற்றாகத் தளர விடுதல், இப்படி நான்கு முறை. அதன்பின் உடனே இறுக்கி உடனே விடும் விரைவான இறுக்கம் ஐந்து. இதனைக் காலை, மதியம், இரவு என மூன்று வேளை செய்தல். முதல் இரண்டு கிழமை படுத்தபடியே செய்தாள். ஏனெனில் அந்நிலையில் வயிற்றின் பாரம் தளத்தின் மேல் விழாது. பின் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அமர்ந்தபடியும், ஐந்தாறு கிழமையின் பின் நின்றபடியும் செய்தாள்.

நீண்ட இறுக்கமும் விரைவான இறுக்கமும் வேறு வேறு பயனுக்கானவை. நாள் முழுவதும் உறுப்புகளைத் தாங்கிநிற்கும் தசைநார்கள் மெதுவாக இயங்கி நெடுநேரம் களைக்காதவை. அவற்றுக்கு நீண்ட பிடி தேவை. இருமல் வரும் நொடியில் குழாயைச் சட்டென்று மூட வேண்டிய தசைநார்கள் விரைவானவை. அவற்றுக்கு விரைவான இறுக்கம் தேவை. இடையிலே தளர விடுதலும் பயிற்சியின் பாகமே. முற்றாகத் தளராத தசை அடுத்த முறை முழுவதாகச் சுருங்கமாட்டாது. நாளடைவில் நோவும் தரும்.

அவள் கிழமைக்கு ஓர் எண்ணிக்கை வீதம் பிடியைக் கூட்டினாள். சில கிழமைகளில் கூட்ட இயலாது நின்றும் போயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட கிழமையில் பல வேளைகள் தவறின. ஏறக்குறைய மூன்று மாத முடிவில் எட்டு முதல் பத்து எண்ணிக்கை வரை பிடித்து, எட்டு முறை செய்யக்கூடியவளாயினாள். பிரித்தானிய நாட்டு மருத்துவ வழிகாட்டலும் இவ்வளவையே கேட்கின்றது: ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு இறுக்கம், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூன்று மாதம் என்று வரையறுத்ததற்குக் காரணம் உண்டு. முதற் சில கிழமைகளில் காணும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பும் தசையும் ஒன்றையொன்று மறுபடி அறிந்துகொள்வதனால் வருவது. தசை தானே பருத்து வலுப்பெற அதற்கு மேலும் காலம் செல்லும். ஒரு மாதம் செய்து பார்த்துக் கைவிடும் பெண், பயன் வரத் தொடங்கும் வேளையிலே நிறுத்திவிடுகின்றாள்.

கசிவு குறைகின்றதா என்பதை நினைவை நம்பித் தீர்மானிப்பது நல்லதன்று. அவள் நாட்காட்டியிலே கசிந்த நாட்களில் புள்ளி இட்டு வந்தாள். எப்போது கசிந்தது என்பதையும் ஒரு சொல்லிலே குறித்தாள்: இருமல், வாளி, மாடிப்படி என்றவாறு. முதல் மாதத்துப் புள்ளிகளிற் பெரும்பகுதி வாளிக்கே உரியன என்பது அப்போது தெரியவந்தது. அதற்கென்று தனியாக ஓர் உத்தியும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

அவ்வுத்தி இதுதான். பாரத்தைத் தூக்குமுன், அல்லது தும்மல் வருவது தெரிந்தவுடன், முதலில் அடித்தளத்தை இறுக்கிக்கொண்டு, அந்த இறுக்கத்தோடே தூக்க வேண்டும். தூக்கி முடிந்த பின்பே விட வேண்டும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். முதிய வயதுப் பெண்களுக்கு இருமுமுன் இறுக்கிக்கொள்ளும் இம்முறையைக் கற்பித்து, ஒரு கிழமையின் பின் பார்த்தபோது, இருமும்போது கசியும் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு கிழமையிலே தசை வலுத்துவிட முடியாது. பயன் தந்தது வலிமையன்று. தக்க நொடியில் இறுக்கிக்கொண்ட பழக்கமே. ஆகவே மூன்று மாதம் காத்திருக்கும் தாய்க்கு, காத்திருக்கும் நாட்களிலும் கைகொடுப்பது இது. தொடக்கத்தில் மறதி வரும். வாளியைத் தூக்கிய பின்பே நினைவு வரும். கிணற்றுக் கயிற்றைத் தொட்டவுடன் இறுக்குதல் என்று ஒரு செயலோடு இன்னொன்றை இணைத்து வைத்துக்கொண்டால் சில கிழமைகளில் அது தானாக வந்துவிடும்.

பயிற்சியின் பயனைக் கெடுக்கும் சில வழக்கங்களையும் சொல்ல வேண்டும். அவற்றுள் முதன்மையானது மலச்சிக்கல். பிள்ளைபெற்ற பெண்ணுக்குப் பத்தியம் என்று சொல்லிக் காய்கறிகளையும் பழங்களையும் விலக்கி, நீரையும் அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அங்கே மலம் இறுகுகின்றது. நாள்தோறும் முக்க நேர்கின்றது. ஒவ்வொரு முக்கலும் மூன்று வேளைப் பயிற்சி கட்டியதைக் குலைப்பதாகும். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் மிகுதி. தாகத்துக்கு நீர் கொடுத்தே ஆக வேண்டும். கசிவுக்கு அஞ்சி நீரைக் குறைத்தால் சிறுநீர் செறிந்து சிறுநீர்ப்பையை உறுத்தும். கசிவு குறையாது, அவசரம் கூடும். இவ்வாறே, வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவது இடுப்புக்கு ஆறுதல் தருவதாயினும், அடித்தளத்தை வலுப்படுத்தாது. மிக இறுகக் கட்டினால் வயிற்றழுத்தம் கீழ்நோக்கியே செல்லும். இவற்றை மாமியாரோடும் தாயாரோடும் வாதாடிச் சாதிப்பது கடினம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது பெரியவர்களின் முன்னிலையிலேயே அவர் வாயால் சொல்ல வைப்பது சுலபமான வழி.

எப்போது தொடங்கலாம் என்ற கேள்வி எழும். இயல்பான பிரசவமாயின், நோவு பொறுக்கக்கூடியதாயிருந்தால் ஓரிரு நாட்களிலேயே மெல்லிய இறுக்கங்களைத் தொடங்கலாம். தையல் அறுந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். மென்மையாகச் செய்யும் இறுக்கம் தையலை இழுப்பதில்லை. அது காயத்தின் விளிம்புகளை அணுகவே செய்யும். அவ்விடத்து இரத்த ஓட்டமும் சீராகும். நோவு கூடினால் மட்டும் ஓரிரு நாள் பொறுத்திருக்கலாம். சிறுநீரை வெளியேற்ற இறப்பர்க் குழாய் வைத்திருப்பவர்கள், குழாயை எடுத்து, தாமாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய பின்பே ஆரம்பிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரசவத்தின் பின் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழியவில்லையாயின், அல்லது வயிறு கனத்து, சொட்டுச் சொட்டாக மட்டும் சிந்திக்கொண்டிருந்தால், அது தசைத் தளர்ச்சியினால் வரும் கசிவன்று. சிறுநீர்ப்பை வெறுமையாகாது நிரம்பி வழிகின்றது என்பதே அதன் பொருள். அதற்குப் பயிற்சி மருந்தன்று. உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். பிந்தினால் சிறுநீர்ப்பை மிதமிஞ்சி விரிந்து நெடுநாள் தொல்லை தரும்.

வேறு சில நிலைகளிலும் பயிற்சியை மட்டும் நம்பியிருத்தல் பிழையாகும். இருமல் தும்மலின்றி, இரவும் பகலும் இடையறாது நீர் வழிந்துகொண்டிருந்தால், சிறுநீர்ப்பைக்கும் யோனி வழிக்கும் இடையே துளை விழுந்திருக்கக்கூடும். அதனை வைத்தியர் பார்த்தே தீர வேண்டும். எரிவு, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகியன கிருமித் தொற்றைக் காட்டலாம். யோனி வழியில் ஏதோ இறங்கி வருவது போன்ற பாரம், மலமோ வாயுவோ அடக்க இயலாமை, கால்களுக்கிடையே மரத்துப்போதல் ஆகியனவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியனவே. அவசரமாகச் சிறுநீர் முட்டி, கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன் கசிபவர்களுக்கு இத்தசைப் பயிற்சி ஓரளவு உதவும். ஆயினும் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிச் சிறுநீர்ப்பையைப் பழக்கும் வேறொரு முறையும் அவர்களுக்கு வேண்டும்.

இன்னும் சிலருக்கு அடித்தளம் தளர்ந்திராது, மாறாக எந்நேரமும் இறுகியே கிடக்கும். உடலுறவிலும் மலங்கழிக்கும்போதும் நோவு காண்பது அதன் அடையாளம். அவர்கள் மேலும் மேலும் இறுக்கினால் நோவே கூடும். தளர விடுதலையே அவர்கள் முதலில் கற்க வேண்டும். பயிற்சியைத் தொடங்கிய பின் நோவு புதிதாக வந்தால், நிறுத்தி ஆலோசனை கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

எவ்வளவு முயன்றும் சுருட்டிய துவாயின் மேல் எந்த அசைவும் தெரியாத பெண்களும் உள்ளனர். பிரசவத்தின்போது தசை எலும்பிலிருந்து ஒருபுறம் பிய்ந்து போயிருப்பின் இவ்வாறு நேரலாம். நரம்பு இன்னும் தேறாதிருந்தாலும் நேரலாம். அவர்களிடம் முயற்சி குறைவென்று சொல்வது கொடுமை. வைத்தியசாலையிலுள்ள இயன்மருத்துவர் விரலால் தொட்டுச் சோதித்து, எப்பக்கம் இறுகுகின்றது, எப்பக்கம் இறுகவில்லை என்று சொல்லக்கூடியவர். ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் நாட்காட்டிப் புள்ளிகள் குறையாதவரும் அவ்வாறே பெண்நோயியல் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளும் உண்டு.

எடுத்துக்காட்டாகச் சொன்ன அத்தாயின் நாட்காட்டியில் நான்காம் மாதத்தில் இரண்டு புள்ளிகளே இருந்தன. இரண்டும் கடும் இருமற் காய்ச்சல் கண்ட கிழமைக்குரியவை. அதன்பின் அவள் மூன்று வேளைப் பயிற்சியை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டாள், முற்றாக நிறுத்தவில்லை. ஓய்ந்த தசை எதுவாயினும் மெலியும், அடித்தளமும் அவ்வாறே. மீண்டும் கருவுற்றால், கசிவு வரும்வரை காத்திராது கருவுற்ற மாதங்களிலேயே பயிற்சியைத் தொடங்கும்படி மிஸி சொல்லியிருந்தார். கசிவில்லாத நிலையிலேயே கருவுற்ற காலத்தில் இதனைச் செய்துவரும் பெண்களுக்குப் பிற்பட்ட மாதங்களிலும் பிரசவத்தின் பின்னும் கசிவு வருவது குறைவென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அப்போதும் முதல் நாளிலே செய்ய வேண்டியது, துவாயைச் சுருட்டி வைத்து, உடம்பு மேலே விலகுகின்றதா, கீழே அழுந்துகின்றதா என்று பார்த்துக்கொள்வதுதான்.